முப்பத்தாறில் கழித்தால் முதல் சிகரம்

ஒரு தேதியை எடுத்துக்கொள்வோம்: 7-11-1888. திருச்சிக்காரர்களுக்கு இது அந்நியமான தேதி அல்ல. திருவானைக்காவலில் சர் சி.வி.ராமன் பிறந்த நாள். எண் கணிதத்தில் 'நான்கு சிகரங்கள், நான்கு சவால்கள்' என்று ஒரு பிரிவு உண்டு. பிறந்த தேதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரின் ஆயுளை நான்கு பருவங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கப்போவது என்ன, இடறப்போவது என்ன என்று சொல்லும் கணக்கு அது. அதைச் சோதித்துப் பார்க்க ராமனைவிடத் தோதான ஆள் இந்த வட்டாரத்தில் கிடையாது. பிறந்த தேதியில் சந்தேகமில்லை. எந்த வருடம் என்ன செய்தார் என்பதும் ஊரறிந்த விஷயம். கணக்கு சரியா தப்பா என்று பார்க்க வேறென்ன வேண்டும்?

முதலில் கணக்கு. மாதம், நாள், வருடம் மூன்றையும் தனித்தனியே ஒற்றை இலக்கமாகச் சுருக்க வேண்டும். நவம்பர் 11-வது மாதம்; ஒன்றும் ஒன்றும் இரண்டு. நாள் 7 அப்படியே நிற்கும். 1888-ன் இலக்கங்களைக் கூட்டினால் 25, அதை மறுபடி கூட்டினால் 7. ஆக நம் கையில் இருப்பவை 2, 7, 7. மூன்றையும் கூட்டினால் 16, சுருக்கினால் 7. இதுதான் ராமனின் விதி எண்.

முதல் சிகரம் மாதமும் நாளும் சேர்ந்தது: 2 + 7 = 9. இரண்டாவது நாளும் வருடமும்: 7 + 7 = 14, அதாவது 5. மூன்றாவது, முதலிரண்டு சிகரங்களின் கூட்டல்: 9 + 5 = 14, மறுபடியும் 5. நான்காவது மாதமும் வருடமும்: 2 + 7 = 9. சிகரமாக 11, 22 என்ற எண்கள் வந்தால் அவற்றைச் சுருக்காமல் 'மூல எண்' என்று தனி மரியாதை தருவார்கள். ராமனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

இனி வயது. 36-லிருந்து விதி எண்ணைக் கழித்தால் முதல் சிகரம் முடியும் வயது வரும். ராமனுக்கு 36 − 7 = 29. அதன்பின் இரண்டாவதுக்கு ஒன்பது வருடம், மூன்றாவதுக்கு ஒன்பது வருடம், மிச்சமிருக்கும் ஆயுள் முழுவதும் நான்காவதுக்கு. அதாவது 1917 வரை முதல் பருவம், 1926 வரை இரண்டாவது, 1935 வரை மூன்றாவது, அதற்குமேல் நான்காவது.

1917. இந்த வருடத்தைப் பார்த்ததும் ராமனின் வரலாறு தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 18 வயதில் நிதித் துறையில் அதிகாரியாகச் சேர்ந்து, கல்கத்தாவில் பகலில் கணக்குத் தணிக்கையும் காலை மாலைகளில் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் ஒலி, ஒளி ஆராய்ச்சியுமாக இரட்டை வாழ்க்கை நடத்திய மனிதர், கை நிறையச் சம்பளம் தந்த அந்த அரசு வேலையை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றது 1917-ல்தான். அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய திருப்பம் எது என்று கேட்டால் நோபல் பரிசைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். கணக்கு அதன் தலையிலேயே போய்க் கை வைக்கிறது.

நம்புகிறவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள். சிரிக்கிறவர்கள் இந்த இடம்வரை வரவே மாட்டார்கள். இரண்டு தரப்பும் தவறவிடுவது அந்த 36-ஐ.

36 ஏன்?

பெரும்பாலான புத்தகங்கள் 'நான்கு ஒன்பதுகள் முப்பத்தாறு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். உள்ளே இருப்பது அதைவிடச் சுவாரசியமான விஷயம். இலக்கங்களைக் கூட்டிச் சுருக்குவது என்பது உண்மையில் ஒன்பதால் வகுத்து மீதியைப் பார்ப்பதுதான். மீதி ஏதுமில்லை என்றால் 9 என்று எழுதிக்கொள்கிறோம், அவ்வளவே. எண் கணிதத்தில் 'ஆண்டு எண்' என்று இன்னொன்று உண்டு. பிறந்த மாதம், பிறந்த நாள் இவற்றோடு நடப்பு வருடத்தைக் கூட்டினால் வருவது. அது ஒன்றிலிருந்து ஒன்பதுவரை வருடத்துக்கு ஒன்றாக ஏறி, மறுபடி ஒன்றுக்குத் திரும்பும். ஒன்பதாம் ஆண்டு முடிவுக்கு, ஒன்றாம் ஆண்டு தொடக்கத்துக்கு என்பது இவர்கள் வைத்திருக்கும் அர்த்தம்.

36-லிருந்து விதி எண்ணைக் கழித்தால் யாராக இருந்தாலும் அந்த வயது நடப்பது ஓர் ஒன்பதாம் ஆண்டில்தான். ராமனுக்கே பாருங்கள்: 2, 7, 1917-ன் சுருக்கம் 9, கூட்டினால் 18, அதாவது 9. மறுவருடம் 1. ஆக 36 என்பது வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. சிகரம் மாறும் இடமும் ஒன்பதாண்டுச் சுழற்சி முடியும் இடமும் ஒன்றாக விழ வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த எண். 27 என்று வைத்திருந்தாலும் 45 என்று வைத்திருந்தாலும் இந்தப் பொருத்தம் அப்படியே வந்திருக்கும். பிறகு ஏன் 36?

விதி எண் ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஏதோ ஒன்று. ஆகவே முதல் சிகரம் முடியும் வயது 27-க்குக் குறையாது, 35-ஐத் தாண்டாது. 27 என்ற அடியை வைத்திருந்தால் சிலருக்குப் பதினெட்டு வயதிலேயே முதல் பருவம் முடிந்துவிடும். 45-ஐ வைத்திருந்தால் நாற்பத்து நாலு வயதுவரை சிலர் காத்திருக்க வேண்டும். 27-லிருந்து 35 என்பது எப்படிப்பட்ட வயது? நம் ஊரில் வேலை நிலைப்பது அப்போது. கல்யாணம், குழந்தை, வெளியூர் மாற்றல், அப்பா அம்மாவின் உடல்நிலை, பாகப்பிரிவினை, முதல் வீட்டுக் கடன் எல்லாம் அந்த ஒன்பது வருடத்துக்குள்தான் மோதிக்கொண்டு வருகின்றன. அந்த வயதுக்குள் எங்கே கத்தியை வைத்தாலும் ஒரு திருப்பத்தின் மேல் படும். ஜோசியத்துக்கு வெளியே நின்று பார்த்தால் இந்த முறையின் சாமர்த்தியம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. யார் 36-ஐத் தேர்ந்தாரோ, அவருக்கு மனித வாழ்க்கை தெரிந்திருக்கிறது.

அடுத்த இரண்டு திருப்பங்களிலும் இதே கூர்மை இருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ராமனுக்கு 1926-ல் இரண்டாவது சிகரம் மூன்றாவதாக மாறுகிறது. அந்த வருடம் சொல்லிக்கொள்ளும்படி திருப்பம் ஏதும் இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது 1924-ல். ராமன் விளைவு கண்டறியப்பட்டது 1928 பிப்ரவரி 28-ல். மூன்றாவது நான்காவதாக மாறுவது 1935-ல். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக அவர் போனது 1933-ல். மனக்கசப்போடு அந்தப் பொறுப்பை விட்டது 1937-ல். இரண்டு இடத்திலும் முன்பக்கம் இரண்டு வருடம், பின்பக்கம் இரண்டு வருடம் தள்ளித் தள்ளி நிற்கிறது வாழ்க்கை.

'அதிர்வு முன்பே தொடங்கிவிடும், பின்னும் நீடிக்கும்' என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னும் பின்னும் இரண்டு வருடம் சலுகை கொடுத்தால், ஒன்பது வருடத்தில் ஐந்து வருடம் 'திருப்பக் காலம்' ஆகிவிடும். பாதிக்கு மேல். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலே பாதிக்கு மேல் விழுகிற குறி அது.

நான்காவது சிகரத்தில் வேறொரு சங்கடம். அது 45-லிருந்து 53 வயதுக்குள் தொடங்கி உயிர் போகும்வரை நீள்வது. ராமன் 1970 நவம்பர் 21-ல் காலமானார். அவருக்கு இந்தப் பருவம் 35 வருடம். இயக்குநர் பொறுப்பை விட்டது, நாடு விடுதலை அடைந்தது, தன் பெயரிலேயே ஆய்வு நிலையம் அமைத்தது, 1954-ல் பாரத ரத்னா பெற்றது, மரணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 9. நடுப் பருவங்களில் ஒன்பது வருடத்துக்கு ஒன்று என்று பிரித்துச் சொன்ன கணக்கு, மனிதன் மிகவும் கவலைப்பட்டுக் கேட்கிற முதுமைக்கு வரும்போது கை விரித்துவிடுகிறது.

ஒரே நாளில் பிறந்த இன்னொருவர்

1888 நவம்பர் 7-ல் பிறந்தவர் ராமன் மட்டும் அல்ல. உக்ரைனின் குல்யாய்போலே என்ற ஊரில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் நெஸ்டர் மாக்னோ பிறந்ததும் அன்றுதான் என்று இன்று ஏற்கப்படுகிறது. பழைய நூல்கள் சிலவற்றில் 1889 என்று இருக்கும். அரசே வேண்டாம் என்ற அராஜகவாதி. விவசாயிகளைத் திரட்டிப் படை நடத்தியவர். கணக்கின்படி ராமனுக்கும் அவருக்கும் ஒரே சிகரங்கள், ஒரே சவால்கள், ஒரே திருப்ப வயதுகள்.

மாக்னோ மாஸ்கோ புட்டிர்கி சிறையிலிருந்து வெளியே வந்த வருடம் எது தெரியுமா? 1917. ரஷ்யப் புரட்சி அவரைத் திறந்துவிட்டது. எண் கணிதக்காரர் யாரேனும் இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் அட்டைப் படமே போட்டிருப்பார்.

பிறகு? இரண்டாவது சிகரத்தில் ராமன் கல்கத்தாவில் ஒளிச்சிதறலில் மூழ்கியிருந்தபோது, மாக்னோ உள்நாட்டுப் போரில் வென்று, தோற்று, 1921-ல் எல்லை தாண்டி ருமேனியாவுக்கு ஓடினார். மூன்றாவது சிகரத்தில் ராமனுக்கு 1930-ன் நோபல் பரிசு. அதே சிகரத்தில் மாக்னோ பாரிஸில் காசநோயோடு, கூலி வேலை பார்த்துக்கொண்டு, நாடில்லாத ஏழையாக இருந்தார். 1934-ல் இறந்துபோனார். 47 வயதில் தொடங்க வேண்டிய நான்காவது சிகரம் அவருக்கு வரவே இல்லை. ஆயுள் எவ்வளவு என்பதை இந்தக் கணக்கு தொடுவதில்லை. இல்லாத ஒருவருக்கும் அது சிகரம் எழுதிக்கொண்டே போகும்.

இருவருக்கும் 5 என்றால் மாற்றம், பயணம், கட்டறுத்தல். இரண்டு வாழ்க்கைக்கும் பொருந்தத்தான் பொருந்துகிறது. யாருக்குத்தான் பொருந்தாது?

இதில் ஒரு கூடுதல் முடிச்சும் இருக்கிறது. மாக்னோ பிறந்தபோது ரஷ்யப் பேரரசில் பழைய ஜூலியன் நாள்காட்டி நடப்பில் இருந்தது. அது 12 நாள் பின்தங்கியது. அவர் பிறந்த அன்று அங்கே அக்டோபர் 26. அந்தத் தேதியை வைத்தால் மாதம் 1, நாள் 8, வருடம் 7. முதல் சிகரம் 9 தான், விதி எண்ணும் 7 தான். ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் 6 ஆகிவிடும், நான்காவது 8. அதே குழந்தை, அதே பிரசவம், சுவரில் மாட்டிய காலண்டர் மட்டும் வேறு. ராமனுக்கும் இதைச் செய்து பார்க்கலாம். நம் பஞ்சாங்கப்படி அவர் பிறந்தது சர்வதாரி வருடம் ஐப்பசி. சித்திரையிலிருந்து எண்ணினால் ஏழாவது மாதம், சக வருடம் 1810. ஏழும், 1810-ன் சுருக்கமான ஒன்றும் சேர்ந்தால் நான்காவது சிகரம் 8. ஆங்கிலத் தேதி சொன்ன 9 போய்விட்டது.

கழித்தலில் வரும் வினை

சிகரம் கூட்டலில் வருவது, சவால் கழித்தலில் வருவது. முதல் சவால் மாதத்துக்கும் நாளுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவது நாளுக்கும் வருடத்துக்கும். மூன்றாவது, முதலிரண்டு சவால்களின் வித்தியாசம். நான்காவது மாதத்துக்கும் வருடத்துக்கும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். ராமனுக்கு 5, 0, 5, 5.

தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். கூட்டலில் நீங்கள் எப்போது சுருக்கினாலும் கடைசி ஒற்றை இலக்கம் மாறாது. 11 + 7 என்று போட்டாலும் 2 + 7 என்று போட்டாலும் 9 தான். கழித்தலில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நவம்பரைச் சுருக்காமல் 11-லிருந்து 7-ஐக் கழித்தால் 4. சுருக்கிவிட்டுக் கழித்தால் 5. சவாலுக்கு எப்போதும் முதலில் சுருக்கிவிட வேண்டும், 11-க்கும் 22-க்கும் கூட இங்கே சலுகை இல்லை என்பது விதி. உங்கள் கையில் யாராவது கொடுத்த கணிப்புத் தாள் இருந்தால் சவால் எண்களைப் பாருங்கள். 9 என்று ஒன்று இருந்தால் கணித்தவருக்கு விதி தெரியவில்லை. ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையே வரக்கூடிய மிகப் பெரிய வித்தியாசமே எட்டுதான்.

சிகரத்துக்கும் ஒரு சரிபார்ப்பு உண்டு. நான்காவது சிகரத்தோடு பிறந்த நாளை இருமுறை கூட்டிச் சுருக்கினால் மூன்றாவது சிகரம் வந்தாக வேண்டும். ராமனுக்கு 9 + 7 + 7 = 23, அதாவது 5. சரி. வராவிட்டால் எங்கோ பிசகியிருக்கிறது.

இந்தச் சரிபார்ப்பு வேலை செய்வதிலேயே இன்னொரு விஷயம் வெளிப்படுகிறது. நான்கு சிகரங்கள் என்பது நான்கு தனிச் செய்திகள் அல்ல. கையில் இருந்தவை மூன்று எண்கள். மூன்றிலிருந்து நான்கைப் பிழிந்திருக்கிறோம். ஒன்று மற்றவற்றின் நிழல். சவால்களில் இது இன்னும் அப்பட்டம். பிறந்த நாளின் எண், மாத எண்ணுக்கும் வருட எண்ணுக்கும் நடுவில் விழாதபோதெல்லாம் மூன்றாவது சவாலும் நான்காவது சவாலும் ஒன்றாகவே இருக்கும். ராமனுக்கு 5, 5. மாக்னோவின் பழைய தேதிப்படி 6, 6. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா பிறந்தது 3-5-1935. அவருக்கு 4, 4. பிறந்த தேதிகள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ நாலில் மூன்று பேருக்கு இப்படித்தான் வரும். 'உங்களுக்கு மூன்றாவது பருவத்தில் வந்த சோதனை நான்காவதிலும் தொடர்கிறதே, பூர்வ ஜென்ம பாக்கி பலமாக இருக்கிறது' என்று யாராவது உச்சுக்கொட்டினால் பதற வேண்டாம். அது கழித்தலின் குணம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இந்த முறை நம் ஊருக்கு வந்தது சற்றுச் சுற்றுவழியில். தமிழ்நாட்டில் வேரூன்றிய எண் கணிதம் கீரோ வழி வந்தது. பண்டிட் சேதுராமனின் 'அதிர்ஷ்ட விஞ்ஞானம்' தமிழில் அதற்கு அடித்தளம் போட்டது. அதில் பிறவி எண், விதி எண், பெயர் எண் மூன்றும்தான் பிரதானம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கிரகம். சிகரம், சவால் கணக்கு அமெரிக்காவில் பித்தாகரஸ் பெயரைச் சொல்லி வளர்ந்த இன்னொரு பள்ளியுடையது. ஃபிளாரன்ஸ் கேம்பல் 1931-லும் ஜூனோ ஜோர்டன் 1965-லும் எழுதிய புத்தகங்கள் அந்தப் பள்ளியின் பாடநூல்கள்போல. அங்கே கிரகம் கிடையாது. அந்தக் கட்டங்களில் நம் பலன்களை இட்டு நிரப்பினால் விபரீதம்தான். ராமனின் முதல் சிகரமான 9 அமெரிக்கப் பள்ளிக்குத் தியாகம், நிறைவு, பொதுநலம். நமக்கோ 9 செவ்வாய். போர், கோபம், தளபதி. ஒரே கட்டம், எதிரெதிர்ப் பலன்.

இருந்தும் இந்த நான்கு பருவக் கணக்கு இங்கே உடனே ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. 'இப்போ என்ன தசை நடக்குது?' என்று கேட்டுப் பழகிய காது நமக்கு. ஸ்ரீரங்கத்தில் ஜாதகம் பார்க்கப் போனால் முதலில் நட்சத்திரத்தையும் பிறந்த நேரத்தையும் கேட்பார்கள். விம்சோத்தரி தசை 120 வருடம், ஒன்பது பங்கு; சூரியனுக்கு ஆறு, சுக்கிரனுக்கு இருபது என்று ஒவ்வொன்றும் வேறு நீளம். தொடக்கத்தில் எத்தனை வருடம் மிச்சம் என்று கணிக்கப் பிறந்த நேரம் துல்லியமாக வேண்டும். நேரம் தெரியாதவர்களுக்கு ஜாதகக் கதவு சாத்தப்பட்ட இடத்தில் சிகரக் கணக்கு வந்து நின்றது. தேதி மட்டும் போதும், பேருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே போட்டுவிடலாம்.

தேதி மட்டுமே போதும் என்பதில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியும் அடங்கியிருக்கிறது. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ தருகிற பெயர்த் திருத்தம் இந்தத் தொழிலின் முக்கிய வருமானம். சிகரத்திலும் சவாலிலும் பெயருக்கு இடமே இல்லை. எட்டு என்ற சவாலைப் பெயர் மாற்றித் தணித்துத் தருகிறேன் என்று ஒருவர் கட்டணம் கேட்டால், அவர் தன் சாஸ்திரத்தின் விதியையே மீறுகிறார். மாற்ற முடிவது பிறந்த தேதியை மட்டும்தான்.

அப்படி மாற்றப்பட்ட தேதிகளோடு வாழ்கிறவர்கள் நிறையப் பேர். துறையூரைத் தாண்டிப் பச்சைமலை ஏறினால், டாப் செங்காட்டுப்பட்டிப் பக்கத்து மூத்த தலைமுறையில் பலரின் தேதி பள்ளியில் சேர்த்த அன்று எழுதப்பட்டது. மலையில் மட்டுமல்ல, கீழே சமவெளியிலும் அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். கை காதைத் தொடுகிறதா என்று பார்த்து, சேர்க்கைக்குத் தோதாக ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவார்கள். ஆறும் ஒன்றும் ஏழு. அப்படித் தேதி வாங்கிய அத்தனை பேருக்கும் முதல் சிகரம் 7, முதல் சவால் 5. அண்ணனுக்கும் தம்பிக்கும் அதேதான்.

1-6-1957 என்று சான்றிதழில் இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். விதி எண் 2, முதல் சிகரம் 7, அது 34 வயதுவரை. ஆனால் அவருடைய அம்மா, 'ஆடிப் பதினெட்டு அன்னைக்குப் பொறந்தவன்' என்றுதான் சொல்லிவந்திருப்பார். ஆடிப் பதினெட்டு சில வருடம் ஆகஸ்ட் 2, சில வருடம் ஆகஸ்ட் 3. இரண்டு என்றால் முதல் சிகரம் 1, முடியும் வயது 31. மூன்று என்றால் எட்டும் மூன்றும் பதினொன்று: ராமனுக்கே கிடைக்காத மூல எண், முடியும் வயது 30. எந்தத் தேதியைப் போடுவது என்று கேட்டால் எண் கணிதக்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. உண்மையாகப் பிறந்த தேதிதான் வேலை செய்யும் என்பது ஒன்று. இத்தனை வருடம் கையெழுத்துப் போட்டுப் பழகிய சான்றிதழ்த் தேதிக்கே பலம் வந்துவிடும் என்பது இன்னொன்று. ஓய்வூதிய அலுவலகத்தில் அந்த வழக்கே கிடையாது. அங்கே 1-6-1957 தான்.